பிரஷ்யன் நீலத்தில் இரண்டு இரும்புகள்

பின்னுதைப்பற்ற காமா ஒத்ததிர்வு நிறமாலையியல் என்பது, ஒரு திடப்பொருளுக்குள் இருக்கும் இரும்பு அணு எந்த எலக்ட்ரான் நிலையில் இருக்கிறது என்பதை அதன் அணுக்கருவைக் கொண்டே கண்டறியும் முறை. கண்டுபிடித்தவர் பெயரால் இது மாஸ்பவர் நிறமாலையியல் என்றும் வழங்குகிறது. வேதியியலில் அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்கள்தான் வினை புரிகின்றன. அணுக்கரு அதில் பங்கெடுப்பதில்லை. இருந்தும் அந்த எலக்ட்ரான்களில் ஏற்படும் மாற்றம் கருவின் ஆற்றல் மட்டங்களை மிக நுண்ணிய அளவில் நகர்த்துகிறது. அந்த நகர்வை அளப்பதே இம்முறையின் வேலை.

இரும்பின் ஐசோடோப்புகளில் நிறை எண் 57 கொண்டதுதான் இதற்குப் பயன்படுகிறது. இயற்கையான இரும்பில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே உள்ளது. அதன் கரு கிளர்ந்த நிலையிலிருந்து அடிநிலைக்கு இறங்கும்போது 14,400 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளியிடும். அதே ஆற்றலுடைய கதிர் அடிநிலையில் உள்ள இன்னொரு இரும்பு-57 கருவின் மீது பட்டால், அது கதிரை விழுங்கிக் கிளர்ச்சி அடையும். இதுவே ஒத்ததிர்வு. இந்தக் கதிரின் ஆற்றல் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது. அதன் அகலம் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் 100 கோடியில் ஐந்து பங்குதான். அதாவது மொத்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இந்தத் துல்லியத்தை எட்டவிடாமல் தடுத்தது பின்னுதைப்பு. தனித்து நிற்கும் அணு காமா கதிரை வெளியிடும்போது எதிர்த்திசையில் உதைபட்டு நகர்கிறது. படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவரின் காலடியில் படகு பின்னே போவது போன்றது அது. தாவுகிறவருக்குக் கிடைக்க வேண்டிய விசையில் ஒரு பகுதி படகோடு போய்விடுகிறது. தனி இரும்பு அணுவுக்கு அந்த இழப்பு எலக்ட்ரான் வோல்ட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. எண்ணளவில் சிறிதுதான்; ஆனால் கதிரின் அகலத்தைப் போல அது நான்கு லட்சம் மடங்கு. கதிரை வாங்கும் கருவும் அதே அளவு உதைபடும். ஆகவே இரண்டின் ஆற்றலும் ஒருபோதும் பொருந்தாது.

1958-இல் ருடால்ஃப் மாஸ்பவர் என்ற ஜெர்மானிய ஆய்வு மாணவர், இரிடியம்-191 உலோகத்தில் இதற்கு விலக்கு இருப்பதைக் கண்டார். படிகத்தில் அணுக்கள் பிணைந்திருக்கின்றன. அவற்றின் அதிர்வு ஆற்றல் தொடர்ச்சியாகக் கூடுவதில்லை, படிப்படியாகவே கூடும். ஒரு படி ஏறத் தேவையான ஆற்றலை உதை தராதபோது, சில உமிழ்வுகளில் அதிர்வு சற்றும் மாறுவதில்லை. அப்போது உதையை முழுப் படிகமும் தாங்குகிறது. படிகத்தின் நிறையோ ஓர் அணுவின் நிறையைப் போலப் பல கோடி கோடி மடங்கு. எனவே ஆற்றல் இழப்பு இல்லை என்றே கொள்ளலாம். இதற்காக மாஸ்பவருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரும்பு-57-இல் இந்த விளைவு அறை வெப்பநிலையிலேயே வலுவாக இருப்பதால், ஆய்வாளர்கள் விரைவில் அதை நோக்கித் திரும்பினர்.

அளவீட்டுக் கருவியின் அமைப்பு எளிது. ரோடியம் உலோகத்தில் பதித்த கோபால்ட்-57 கதிர்மூலமாகிறது; 272 நாள் அரை ஆயுட்காலமுள்ள இது சிதைந்து இரும்பு-57 கருவைக் கிளர்ந்த நிலையில் உருவாக்கும். மூலத்தின் எதிரே ஆராய வேண்டிய தூள் மெல்லிய படலமாக வைக்கப்படுகிறது. அதற்கு அப்பால் காமா கதிரை எண்ணும் உணர்கருவி. மூலத்தை முன்னும் பின்னும் அசைத்தால், டாப்ளர் விளைவால் கதிரின் ஆற்றல் கூடிக் குறையும். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகமே கதிரை அதன் அகலத்தைப் போலப் பத்து மடங்கு நகர்த்திவிடும். எந்த வேகத்தில் மாதிரியிலுள்ள கருக்கள் கதிரை விழுங்குகின்றனவோ, அங்கே எண்ணிக்கை குறைந்து வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். அதனால்தான் இத்துறையில் ஆற்றலையே நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று குறிக்கிறார்கள். பூச்சியமாகக் கொள்வது சாதாரண இரும்புத் தகட்டின் நிறமாலை மையத்தை.

அந்தப் பள்ளம் பூச்சியத்திலிருந்து விலகி நிற்கும் தூரமே ஐசோமர் பெயர்ச்சி. கருவுக்குச் சிறிதேனும் பருமன் உண்டு என்பதுதான் இதற்குக் காரணம். எலக்ட்ரான்களில் எஸ் வகையினவற்றுக்கு மட்டுமே கருவுக்குள்ளேயே இருக்கக் குறிப்பிடத்தக்க வாய்ப்பு உண்டு. கருவுக்குள் இருக்கும் நேரத்தில் எலக்ட்ரானை இழுக்கும் விசை, வெளியே இருப்பதைவிடக் குறைவு. அதனால் ஆற்றல் மட்டம் சற்று மேலே போகிறது. கரு பெரிதாக இருந்தால் இந்த ஏற்றமும் பெரிது. இரும்பு-57-இல் கிளர்ந்த நிலைக் கரு அடிநிலைக் கருவைவிட ஆரத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியது. ஆகவே எஸ் எலக்ட்ரான் அடர்த்தி கூடும்போது அடிநிலை மட்டம் கிளர்ந்த மட்டத்தைவிட அதிகமாக உயர, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி சுருங்குகிறது. இரும்பைப் பொறுத்தவரை விதி இதுதான்: கருவில் எஸ் எலக்ட்ரான் அடர்த்தி கூடினால் ஐசோமர் பெயர்ச்சி குறையும்.

இந்த விதியிலிருந்து ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போக ஒரு படி மீதமிருக்கிறது. ஃபெரிக் அயனியில் ஐந்து 3டி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஃபெரஸ் அயனியில் ஆறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டி எலக்ட்ரான் மட்டுமே. டி எலக்ட்ரான் கருவை எட்டுவதே இல்லை. ஆனால் அது கருவின் இழுப்பை மறைத்து, 3எஸ் எலக்ட்ரான்களைச் சற்று வெளியே விலக விடுகிறது. இதனால் ஃபெரஸ் இரும்பின் கருவில் எஸ் அடர்த்தி குறைந்து, பெயர்ச்சி கூடுகிறது. ஆக்சிஜன் சூழ்ந்த உயர் சுழற்சிச் சேர்மங்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அறை வெப்பநிலையில் ஃபெரிக் இரும்பு நொடிக்கு 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் நிற்கும். ஃபெரஸ் இரும்பு 1-ஐத் தாண்டிவிடும். பச்சை நிற ஃபெரஸ் சல்ஃபேட் படிகத்தின் மதிப்பு 1.2-க்கும் 1.3-க்கும் இடைப்பட்டது.

இதுவரை இரும்பின் டி எலக்ட்ரான்கள் இரும்பிடமே இருப்பதாகக் கொண்டோம். பிணைப்பு அவற்றை வேறிடத்துக்கு இழுக்கும்போது கணக்கு மாறுகிறது. பொட்டாசியம் ஃபெரோசயனைடில் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் இரண்டு. ஆனால் அதன் பெயர்ச்சி ஒன்றைத் தாண்டுவதற்குப் பதில் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, –0.04 அளவில் இருக்கிறது. சயனைடு ஈனியின் கார்பன் முனை இரும்புக்கு எலக்ட்ரான் இணையைத் தருகிறது. அதே வேளையில் இரும்பின் டி எலக்ட்ரான்களில் ஒரு பகுதியைத் தன் காலி ஆர்பிட்டால்களுக்குள் வாங்கிக்கொள்கிறது. டி எலக்ட்ரான் விலகியதால் மறைப்பு குறைகிறது, எஸ் அடர்த்தி உயர்கிறது, பெயர்ச்சி இறங்குகிறது. பொட்டாசியம் ஃபெரிசயனைடில் ஆக்சிஜனேற்ற எண் மூன்று; பெயர்ச்சி –0.12. ஃபெரோசயனைடு கூடுதலாக வைத்திருக்கும் எலக்ட்ரானைப் பெருமளவு ஈனிக்கே தந்துவிடுவதால், இரண்டுக்கும் இடையே 0.08 மட்டுமே வேறுபாடு. ஐசோமர் பெயர்ச்சி கருவிலுள்ள எஸ் அடர்த்தியைத்தான் காட்டுகிறது. ஆக்சிஜனேற்ற எண்ணை நேரடியாகக் காட்டுவதில்லை.

இந்த இரண்டு பாடங்களும் ஒருசேரப் பயன்பட்ட இடம் பிரஷ்யன் நீலம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான இந்தச் சாயத்தை, ஃபெரிக் உப்புக் கரைசலில் ஃபெரோசயனைடைச் சேர்த்துப் பெறலாம். ஃபெரஸ் உப்பில் ஃபெரிசயனைடைச் சேர்த்தாலும் ஆழ்ந்த நீல வீழ்படிவு கிடைக்கும். அதற்கு டர்ன்புல் நீலம் என்று தனிப் பெயர் இருந்தது. தொடக்கப் பொருள்கள் வேறு என்பதால், இரண்டிலும் இரும்பின் ஆக்சிஜனேற்ற நிலைகள் இடம் மாறியிருக்கும் என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதி வந்தன.

இரண்டு நீலங்களிலும் இரும்புக்கு இரண்டு இடங்கள். ஓரிடத்தில் சயனைடின் கார்பன் முனைகள் சூழ்ந்திருக்கும். மற்ற இடத்தில் நைட்ரஜன் முனைகள். 1960-களில் மாஸ்பவர் முறையில் இவை ஆராயப்பட்டன. எந்தக் கோடு எந்த இரும்புக்குரியது என்று பிரித்தறிய, உப்பாகச் சேர்க்கும் இரும்பை மட்டும் இரும்பு-57 செறிந்ததாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது நிறமாலையில் மேலோங்கித் தெரிவது நைட்ரஜன் பக்க இரும்பு மட்டுமே.

டர்ன்புல் நீலம் உண்மையிலேயே ஃபெரஸ் ஃபெரிசயனைடாக இருந்தால், நைட்ரஜன் பக்க இரும்பு 1-க்கு மேல் அகன்ற இரட்டைக் கோடாகத் தெரிய வேண்டும். கிடைத்ததோ 0.4 அருகே, உயர் சுழற்சி ஃபெரிக் இரும்புக்குரிய கோடு. பிரஷ்யன் நீலத்திலும் அதே கோடுதான். வீழ்படிவு உருவாகும்போதே ஃபெரஸ் அயனி ஓர் எலக்ட்ரானை ஃபெரிசயனைடுக்குத் தந்து ஃபெரிக் ஆகிவிடுகிறது; இரண்டு வழிகளிலும் கிடைப்பது Fe₄[Fe(CN)₆]₃ என்ற ஃபெரிக் ஃபெரோசயனைடே. கார்பன் பக்க இரும்பு –0.15 ஒட்டிய ஒற்றைக் கோடாகத் தெரிகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அது ஃபெரிசயனைடு என்றே தோன்றும். முடிவைத் தீர்மானித்தது நைட்ரஜன் பக்க இரும்பு. அது மும்மை மின்சுமை கொண்டது என்று உறுதியான பின், சேர்மத்தின் மொத்த மின்சுமைச் சமநிலை கார்பன் பக்கத்தை இருமை நிலையிலேயே வைக்கிறது.

மதிப்புகளை ஒப்பிடும்போது தவறு நேரும் இடங்கள் சில உண்டு. முதலாவது வெப்பநிலை. அணுக்களின் வெப்ப அசைவும் கோட்டை நகர்த்துகிறது. அறை வெப்பநிலையிலிருந்து திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிர்வித்தால், எலக்ட்ரான் நிலை மாறாமலேயே மதிப்பு 0.1 அளவுக்கு உயரும். இரண்டாவது பூச்சியம். ரோடியம் மூலத்தை ஒப்பிட்டுச் சொன்ன மதிப்பும் இரும்புத் தகட்டை ஒப்பிட்டுச் சொன்ன மதிப்பும் ஏறத்தாழ 0.1 வேறுபடும். எந்த வெப்பநிலை, எந்தப் பூச்சியம் என்று குறிப்பிடாத எண்ணை நம்பிச் சேர்மத்தை அடையாளம் காண முடியாது.

மூன்றாவது காலம். கிளர்ந்த கரு சராசரியாக நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கை ஒட்டிய காலமே நிலைத்திருக்கிறது. அதற்குள் எலக்ட்ரான் இடம் மாறினால் கரு உணர்வது சராசரியைத்தான். மேக்னடைட் தாதுவின் எண்முகி இடங்களில் ஃபெரஸ், ஃபெரிக் இரும்புகள் சரிபாதியாக இருக்க வேண்டும். அறை வெப்பநிலையிலோ இரண்டுக்கும் நடுவே 0.67 அருகே ஒரே தொகுதிக் கோடுகள் தெரிகின்றன. எலக்ட்ரான் இரும்புக்கு இரும்பு விரைந்து தாவுவதால், அங்குள்ள ஒவ்வொரு கருவுக்கும் அணு இரண்டரை மின்சுமை உடையதாகவே தோன்றுகிறது. ஏறத்தாழ 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அந்தத் தாவல் மட்டுப்பட்டு, நிறமாலை பல கூறுகளாகப் பிரிகிறது. 0.5-க்கும் 1-க்கும் இடையே ஒரு மதிப்பு கிடைத்தால், அது இரண்டு நிலைகளின் கலவையா, தாவும் எலக்ட்ரானா என்பதைக் கண்டறியும் வழி வெப்பநிலையை மாற்றி மீண்டும் அளப்பதே.