ஒரு கண்ணில் திடீரெனத் திரை விழுந்தால்

நோவில்லை, கண் சிவக்கவுமில்லை, கண்ணீர் வடியவுமில்லை. ஆனால் ஒரு கண்ணின் முன்னே திடீரெனக் கரும்புள்ளிகள் பூச்சிகளைப் போலப் பறக்கின்றன. ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல ஒளி தெறிக்கிறது. நோவு இல்லாததால் "அரிவு வெட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். பார்வை பறிபோவது இந்த இடைவெளியில்தான்.

கண்ணின் உட்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. கண்ணுள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருள், வயது போகப் போகச் சுருங்கிச் சுவரிலிருந்து விலகும். பெரும்பாலானோருக்கு இதனால் கேடில்லை. ஆனால் திடீரெனப் புள்ளிகளோ மின்னலோ கண்டு வைத்தியரிடம் வருவோரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவரின் விழித்திரை அந்த இழுவையில் கிழிந்திருக்கும். வெடித்த மண்சுவரில் நீர் புகுந்து சாந்தைக் கழற்றுவது போல, கிழிசலூடாக நீர் புகுந்து விழித்திரையைக் கழற்றும். கிழிசலை அடைத்தாலே குணமாகும் என்பதை 1920களில் சுவிற்சர்லாந்து வைத்தியர் யூல் கோனன் நிலைநாட்டினார். இன்றைய சிகிச்சைக்கும் அதுவே அடிப்படை.

ஐம்பத்தைந்து வயது விவசாயி ஒருவருக்குத் திங்கட்கிழமை புள்ளிகள் தோன்றின என்று வைத்துக்கொள்வோம். அன்றே கிழிசலைக் கண்டுபிடித்தால், லேசர் ஒளியால் அதைச் சுற்றி ஒட்டவைக்கலாம். சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். புதன்கிழமை கீழ்ப்புறமிருந்து ஒரு நிழல் எழுகிறது. மேற்பகுதி கழன்றால் நிழல் கீழேதான் தெரியும். நேரே பார்த்தால் முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது; ஆகவே பார்வையின் நடுப்பகுதி கழலவில்லை. உடனே அறுவைச் சிகிச்சை செய்தால் அந்தப் பார்வையைக் காக்கலாம். வெள்ளிக்கிழமை நடுப்பகுதியும் கழன்றுவிடுகிறது. இப்போதும் சிகிச்சை உண்டு, அதற்கும் தாமதிக்கலாகாது. ஆனால் விழித்திரை மீண்டும் ஒட்டினாலும், எழுத்து வாசிக்கும் கூர்மை முழுதாகத் திரும்புவது அரிது.

இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி அணிவோர், கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், கண்ணில் அடிபட்டோர் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும். 2009 வரை நீடித்த போரில் கண்ணில் காயமுற்றவர்களுக்கு ஆண்டுகள் கழிந்தும் இது வரலாம்.

அன்றே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் கிட்டியதற்குச் செல்லுங்கள். "ஒரு கண்ணில் திடீரென வந்தது, இன்ன நாள் தொடங்கியது, விழித்திரையைப் பார்க்கவேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுத்தான் உள்ளே பார்ப்பார்கள். சில மணிநேரம் பார்வை மங்கும். ஆகவே மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்டாமல் துணையோடு போங்கள். அறுவைச் சிகிச்சைக்குக் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை வரை செல்ல நேரலாம். அனுப்பினால் அடுத்த கிழமைக்கு ஒத்திப்போடாதீர்கள். கடையில் வாங்கும் சொட்டு மருந்தோ கை வைத்தியமோ கிழிந்த விழித்திரையை ஒட்டாது.