தாடையைக் கூர்மையாக்கும் இரண்டு மில்லிமீட்டர்

உருண்டைக் கன்னம் உள்ள பல இளைஞர்கள், தாடி விட்டால் முகம் ஒடுங்கித் தெரியும் என்று நம்பி இரண்டு வாரம் சவரம் செய்யாமல் இருக்கிறார்கள். பதினைந்தாம் நாள் கண்ணாடி முன் நின்றால் முகம் முன்பைவிட அகலமாகத் தெரிகிறது. தாடியின் மேல் பழி போட்டுவிட்டு மொத்தத்தையும் மழித்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமான முடிவாகத் தோன்றும். ஏனென்றால் அந்தப் பதினைந்து நாள் வளர்த்தி வீணல்ல. எங்கும் ஒரே நீளத்தில் இருப்பதுதான் சிக்கல்.

தாடை கூர்மையாகத் தெரிவது எப்படி என்று முதலில் பார்த்துவிடலாம். வெயிலானாலும் விளக்கானாலும் வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்துதான் முகத்தில் விழுகிறது. கன்ன எலும்பு அதை வாங்கிப் பளிச்சென்று இருக்கும். தாடை எலும்புக்குக் கீழே கழுத்து நிழலில் இருக்கும். வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் அந்த எல்லையைத்தான் நம் கண் தாடைக் கோடு என்று படிக்கிறது. கன்னத்தில் சதை பிடித்தவர்களுக்கும் தாடைக்கடியில் கொஞ்சம் தொங்கல் உள்ளவர்களுக்கும் இந்த எல்லை கலங்கிவிடுகிறது. தாடி மயிர் என்பது நாமே போட்டுக்கொள்ளும் நிழல். நீளம் கூடினால் கருமை கூடும், குறைந்தால் தோல் வெளிச்சம் வாங்கும். கன்னத்திலும் தாடையிலும் கழுத்திலும் ஒரே நீளம் என்றால் முகத்தின் கீழ்ப்பாதி முழுக்க ஒரே கருமையாகி, இருந்த கொஞ்சநஞ்ச எல்லையும் மறைந்துபோகும். போதாததற்கு இரண்டு பக்கக் கன்னத்திலும் மயிர் வெளியே புடைத்து முகத்தின் அகலத்தைக் கூட்டிவிடும்.

அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேலே குறைவு, கீழே கூடுதல். கிருதாவில் குட்டையாகத் தொடங்கி, கன்னத்தில் அப்படியே இறங்கி, தாடை எலும்பின் விளிம்பில் கொஞ்சம் கூட்டி, மோவாயில் மிகுதியாக விடுவது. மொத்த வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இதற்குப் பெரிய தாடி வேண்டியதில்லை. தாடி மயிர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். பத்து நாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கையில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே ஆண்களை மழித்த முகம், ஐந்து நாள் தாடி, பத்து நாள் தாடி, முழுத் தாடி என்று நான்கு நிலைகளில் படமெடுத்துக் காட்டினார்கள். கவர்ச்சி என்று கேட்டபோது பெண்கள் அதிக மதிப்பெண் கொடுத்தது பத்து நாள் தாடிக்கு. அந்த நீளம் இந்த வேலைக்கும் வசதியானது. ஐந்து நாளில் வெட்டி வித்தியாசம் காட்டும் அளவுக்கு மயிர் இருக்காது.

கிருதாவை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தலைமுடியும் தாடியும் சந்திக்கும் இடம் அது. முகத்தை நேராகப் பார்க்கும்போது அகலத்தின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. எழுபதுகளில் காது மடலையும் தாண்டி இறங்கிய பட்டைக் கிருதாவை நினைத்துப் பாருங்கள். ஒல்லி முகத்துக்கு அது உடம்பு கொடுத்தது, உருண்டை முகத்தை இன்னும் உருட்டியது. காதோரம் மயிர் தடித்து நின்றால், மோவாயை எவ்வளவு அழகாக வெட்டினாலும் முகம் ஒடுங்காது. அதே சமயம் அங்கே மிகவும் ஒட்ட வெட்டினால், தலைமுடிக்கும் தாடிக்கும் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து, தாடியை ஒட்டவைத்ததுபோல ஆகிவிடும். எனவே கிருதாவின் நீளம் தலையின் பக்கவாட்டு முடியைப் பொறுத்தது. பக்கங்களை மெஷினில் ஒட்ட வெட்டியிருந்தால் கிருதாவை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரை இறக்கலாம். கத்தரியில் வெட்டி ஒரு சென்டிமீட்டர் முடி நிற்கிறது என்றால் மூன்றுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

போன மாதம் அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம். இருபத்தாறு வயது, உருண்டை முகம், தாடையில் அடர்த்தியான மயிர், கன்னத்தில் சுமார். இரண்டு வாரத் தாடியோடு வந்தான். தலையின் பக்கங்கள் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டியிருந்தது. முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்துக் காயவிட்டோம். ஈரத்தில் மயிர் படிந்து நீளமாகத் தெரியும். அந்தக் கணக்கில் வெட்டினால் காய்ந்தபின் குட்டையாகிவிடும். சிக்குப் போகச் சீவியபின் ட்ரிம்மரில் 5 வைத்து முகம் முழுக்க ஒருமுறை, மயிர் வளரும் திசைக்கு எதிராக ஓட்டினேன். அது ஒரு சமன்படுத்தல் மட்டும். மோவாயில் அதற்குமேல் கை வைக்கவில்லை.

பிறகு 3 வைத்து, மோவாயின் இரு ஓரமும் தொடங்கிக் காது வரை, தாடையையும் கன்னத்தையும் எடுத்தேன். அடுத்து 2. கிருதாவின் உச்சியிலிருந்து காது மடலின் நுனி வரையும், அங்கிருந்து கன்னத்தின் மேல் பாதியும். இங்கே மெஷினைக் கீழிருந்து மேலே ஓட்டி, இரண்டு நீளம் சந்திக்கும் இடத்தில் மணிக்கட்டை வெளியே திருப்பி மெஷினைத் தோலிலிருந்து தூக்கிவிட வேண்டும். அப்படித் தூக்காமல் ஒரே அழுத்தமாக நிறுத்தினால் படிக்கட்டு மாதிரி கோடு விழும். கோடு விழுந்தால் இடைப்பட்ட 2.5 வைத்து அந்த விரலகல இடத்தை மட்டும் தொட்டால் கரைந்துவிடும்.

“மாமா, காதுகிட்ட ரொம்பக் குறைச்சிட்டீங்களோ?” என்றான். பாதி வேலையில் அப்படித்தான் இருக்கும். “கழுத்து முடியட்டும்டா, அப்புறம் பாரு” என்றேன்.

கழுத்துதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். தாடை கூர்மையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எலும்பின் விளிம்பிலேயே கோடு போட்டுவிடுகிறார்கள். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது அருமையாக இருக்கும். சாப்பிடும்போதும் செல்போனைக் குனிந்து பார்க்கும்போதும் தாடைக்கடியில் இருக்கும் சதை மயிரில்லாமல் வெளியே பிதுங்கி, இரட்டை மோவாய் பளிச்சென்று தெரியும். கோடு இன்னும் கீழே, மோவாயின் அடிப்பகுதி முடிந்து கழுத்து தொடங்கும் மடிப்பில் இருக்க வேண்டும். தொண்டைக் குமிழுக்கு மேலே இரண்டு விரல் வைத்தால் ஏறத்தாழ அந்த இடம் வரும். அங்கிருந்து இரு காதுகளின் பின்புறம் நோக்கி வளைவாக ஏற வேண்டும். தலையை நேராக வைத்துக்கொண்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சலூனில் நாற்காலியைச் சாய்த்துத் தலையை அண்ணாந்து வைத்தால் கழுத்துத் தோல் இழுபட்டு இருக்கும். அப்போது போட்ட கோடு நிமிர்ந்தபின் வேறிடத்தில் நிற்கும். கோட்டுக்குக் கீழே இருப்பதைச் சீப்பு மாட்டாத ட்ரிம்மரில் எடுத்துவிட்டு, கோட்டுக்கும் தாடை எலும்புக்கும் இடைப்பட்ட பகுதியை 2-க்குக் குறைத்தேன். எலும்பின் விளிம்பில் 3, அதன் அடியில் 2. நேர்ப்பார்வையில் விளிம்பு மட்டும் கருத்து நின்றது.

கன்னத்தின் மேல்கோட்டில் நான் செய்தது மிகக் குறைவு. இயற்கையான கோட்டுக்கு மேலே தனித்து நின்ற மயிரை மட்டும் எடுத்தேன். அந்தக் கோட்டைக் கீழே இறக்கினால் கன்னத்தில் வெற்றுத் தோலின் பரப்பு கூடி, கன்னம் இன்னும் பெரிதாகத் தெரியும். கிருதா இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காதை அளவுகோலாக எடுக்க வேண்டாம். பலருக்கு இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து அளந்தால் சரியாக வரும். முடித்தபின் செல்போனை அக்காவிடம் கொடுத்து, ஆறேழு அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் வைத்து நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுக்கச் சொன்னேன். கைநீட்டி எடுக்கும் செல்ஃபி மூக்கைப் பெரிதாக்கித் தாடையைச் சுருக்கிக் காட்டும். அதை நம்பி அளவு பார்க்கக்கூடாது.

சலூனில் சொல்லிச் செய்வதானால் எண்ணில் கவனம் வேண்டும். தாடி ட்ரிம்மரில் 2 என்றால் பொதுவாக இரண்டு மில்லிமீட்டர். தலைமுடி வெட்டும் மெஷினின் சீப்பில் 1 என்றால் மூன்று மில்லிமீட்டர், 2 என்றால் ஆறு. “கிருதாவுக்கு ரெண்டு போடுங்கண்ணே” என்றால் அவர் எந்த இரண்டைப் போடுவார் என்று சொல்ல முடியாது. “ரெண்டு மில்லிமீட்டர், மோவாயில கை வைக்காதீங்க, கழுத்துல கோட்டைக் கீழ வையுங்க” என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு.

எல்லா முகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. முகம் நீண்டு, கன்னம் ஒட்டியிருப்பவர்கள் இதையே செய்தால் முகம் இன்னும் நீளும். அவர்கள் மோவாயைக் குறைத்து, காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் மயிரை விட வேண்டும். இருபது வயதில் பலருக்குக் கன்னத்தில் மயிர் இன்னும் நிரம்பியிருக்காது. அங்கே திட்டுத் திட்டாக இருந்தால் கன்னத்தை ஒரு மில்லிமீட்டருக்கு இறக்கினால் திட்டு அவ்வளவாகத் தெரியாது. மோவாயில் நரை வந்தவர்களுக்கு அங்கே நீளம் விட்டும் பயனில்லை. வெளுத்த மயிர் நிழல் தராது, தாடை விளிம்பின் கருமையை நம்புவதே வழி. கருத்த தோலில் மயிருக்கும் தோலுக்கும் வேறுபாடு குறைவு என்பதால் அரை மில்லிமீட்டர் எல்லா இடத்திலும் கூட்டி வைத்தால்தான் நிழல் தெரியும்.

கழுத்தில் சுருள் மயிர் உள்ளவர்கள் கோட்டுக்குக் கீழே பிளேடால் ஒட்ட மழிக்காமல் இருப்பது நல்லது. வெட்டிய நுனி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து பரு மாதிரி கிளம்பும், ஆறினாலும் கரும்புள்ளி வெகுநாள் நிற்கும். சீப்பில்லாத ட்ரிம்மர் விடும் அரை மில்லிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது.

இந்த வடிவம் ஒரு வாரம் தாங்கும், கழுத்தைத் தவிர. மூன்று நாளில் எல்லா இடத்திலும் ஒரு மில்லிமீட்டர் கூடும். மூன்று நான்காவதும் ஐந்து ஆறாவதும் பெரிதாகத் தெரியாது. மழித்த கழுத்தில் ஒரு மில்லிமீட்டர் கருமை படர்ந்தால் விளிம்பு மறையத் தொடங்கிவிடும். அதனால் கழுத்தை மட்டும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு நிமிடம் எடுத்துவிடு, மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினேன்.