தேர்தலுக்கு முன்பா, பின்பா?

2017 டிசம்பர் 1. அதிபர் டிரம்பின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃப்ளின், எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட நாள். ஏபிசி தொலைக்காட்சியின் மூத்த நிருபர் பிரையன் ராஸ் நேரலையில் ஒரு செய்தியை உடைத்தார். டிரம்ப் வேட்பாளராக இருந்தபோதே ரஷ்யர்களைத் தொடர்புகொள்ளும்படி தனக்குச் சொன்னார் என்று ஃப்ளின் சாட்சி சொல்லப்போகிறார் என்பதே அது. பெயர் வெளியிடாத ஒருவர் தந்த தகவல். பங்குச் சந்தையின் டவ் குறியீடு ஒரு கட்டத்தில் சுமார் 350 புள்ளிகள் சரிந்தது.

டிரம்ப் அப்படிச் சொன்னது தேர்தலில் வென்ற பிறகுதான் என்று தகவல் தந்தவரே பின்னர் தெளிவுபடுத்தினார். தேர்தலுக்கு முன் என்றால் வெளிநாட்டோடு கூட்டுச்சதி என்ற சந்தேகம் எழும். வென்ற பின் என்றால், பதவியேற்கப் போகிறவர் வெளிநாட்டு அரசுகளோடு பேசுவது வழக்கமான வேலை. செய்தியின் உயிரே அந்தக் காலக்கணக்கில்தான் இருந்தது.

அன்று மாலைச் செய்தியில் ஏபிசி இதை ‘விளக்கம்’ என்று சொல்லிக் கடக்கப் பார்த்தது. விமர்சனம் வலுத்ததும் இரவில் அது ‘திருத்தம்’ ஆனது. விளக்கம் என்பது, சொன்னது சரி, புரியும்படி சொல்லவில்லை என்ற பொருள் தருவது. இங்கே சொன்னதே தவறு. மறுநாள் ராஸ் நான்கு வாரம் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்பட்டார்.

அந்த ஒரு விவரத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் என்ன? எழுத்துப்பிழைக்கு அது போதும், யாரும் கேட்கப்போவதில்லை. தகவல் மாறும்போது அது சிக்கலாகிறது. காலையில் படித்தவரும் மாலையில் படித்தவரும் ஒரே இணைப்பைக் காட்டி இரண்டு வேறு செய்திகளுக்காகச் சண்டை போடுவார்கள். பழைய வடிவம் பலருடைய கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட்டாகக் கிடக்கும். பக்கங்களைச் சேமித்துவைக்கும் archive.org போன்ற தளங்களிலும் இருக்கக்கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, தவறைவிட அதை மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும்.

ஆகவே கட்டுரையைத் திருத்தவும் வேண்டும், திருத்தியதைச் சொல்லவும் வேண்டும். ‘இந்தச் செய்தி புதுப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற மொட்டை வரி உதவாது. முதலில் எழுதியது என்ன, சரியானது என்ன, எப்போது மாற்றப்பட்டது என்பது குறிப்பில் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரோ வயதோ தவறியிருந்தால் அதைக் கட்டுரையின் அடியில் போடலாம். ராஸின் செய்தியைப் போலத் தலைப்பே தவறின் மேல் நிற்கிறது என்றால் குறிப்பு உச்சியில் வர வேண்டும். கடைசிவரை படிப்பவர்கள் குறைவு.

சமூக ஊடகப் பதிவில் இது இன்னும் கடினம். தவறான பதிவின் கீழே பதிலாகத் திருத்தம் போட்டால், பதிவு மட்டும் பரவும், திருத்தம் அங்கேயே தங்கிவிடும். வெறுமனே நீக்கினால், முன்பு பார்த்தவருக்கு எதுவும் தெரியாது. பழையதை நீக்கிவிட்டு, எதை ஏன் நீக்கினோம் என்று சொல்லும் புதுப் பதிவு போடுவதே இருப்பதில் நல்ல வழி. அதுவும் முதல் பதிவைப் பகிர்ந்த எல்லோரையும் எட்டாது.