அந்த n எங்கிருந்து வந்தது?

xⁿ-ஐ வகையிட்டால் nxⁿ⁻¹. அடுக்கை இறக்கி முன்னால் வை, அடுக்கில் ஒன்றைக் குறை. பிளஸ் ஒன் கணக்கில் மற்றதெல்லாம் மறந்தவர்களுக்கும் இது நினைவிருக்கும். அந்த n ஏன் இறங்கி வருகிறது என்று கேட்டால்தான் தலையைச் சொறிவோம்.

முதலில் x³-ஐ, x = 2 என்ற இடத்தில் பார்ப்போம். அங்கே அதன் மதிப்பு 8. x-ஐ 0.1 கூட்டினால் 9.261. கூடியது 1.261; அதை 0.1-ஆல் வகுத்தால் 12.61. வெறும் 0.01 கூட்டினால் விடை 12.0601. கூட்டும் அளவு, அதாவது h, சுருங்கச் சுருங்க விடை 12-ஐ நெருங்குகிறது. இப்படி நெருங்கப்படும் எண்ணைத்தான் எல்லை என்கிறோம். வகைக்கெழு என்பதும் அதுதான். விதியும் 3 × 2² = 12 என்றே சொல்கிறது.

இனி பொதுவாக. (x + h)ⁿ என்பது n அடைப்புக்குறிகளின் பெருக்கல். ஒவ்வொன்றிலிருந்தும் x அல்லது h, ஏதாவது ஒன்றை எடுத்துப் பெருக்க வேண்டும். எல்லாவற்றிலும் x எடுத்தால் xⁿ. ஒரே ஒரு h மட்டும் எடுப்பதென்றால், அது எந்த அடைப்பிலிருந்து வரலாம்? n வழிகள் உண்டு. ஆகவே nxⁿ⁻¹h. நாம் தேடிய n இதுதான். மற்ற உறுப்புகளில் எல்லாம் h இரண்டு முறையாவது வரும்:

(x + h)ⁿ = xⁿ + nxⁿ⁻¹h + (h² அல்லது அதற்கு மேல் உள்ளவை)

xⁿ-ஐக் கழித்து h-ஆல் வகுத்தால், nxⁿ⁻¹ மட்டும் h இல்லாமல் நிற்கும். பின்னால் வருபவை ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு h-ஐச் சுமந்திருப்பதால், h சுருங்கும்போது கூடவே கரைந்துவிடும். நிரூபணம் முடிந்தது.

மாணவர்கள் சறுக்குவது வரிசையில்தான். வகுப்பதற்கு முன்பே h = 0 என்று போட்டால் 0/0 வந்து நிற்கும். வகுக்கும்போது சுழியமில்லை என்றவர்கள் பிறகு சுழியம் என்கிறார்களே என்று 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி கேட்டது நியாயமான கேள்வி. எல்லை என்ற கருத்து அதற்குப் பதில் சொல்கிறது: h எப்போதுமே சுழியம் ஆவதில்லை, விடை எதை நெருங்குகிறது என்று மட்டுமே பார்க்கிறோம்.

அடுக்கு ½ என்றாலும் விதி பொருந்தும்; இந்த நிரூபணம் பொருந்தாது. அங்கே விரிவு முடிவில்லாமல் நீளும். முடிவில்லாத உறுப்புகள் ஒவ்வொன்றும் கரைந்தால் மொத்தமும் கரையும் என்று சும்மா சொல்லிவிட முடியாது. முழு எண் அடுக்கில் இருப்பவை n + 1 உறுப்புகள்தான் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

செல்போன் கால்குலேட்டரில் 1.01-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள். 1.0510100501 வரும். புள்ளிக்குப் பின் இரண்டிரண்டாகப் பிரித்தால் 05, 10, 10, 05, 01; ஈருறுப்பு விரிவின் கெழுக்கள் அப்படியே. முதலில் நிற்கும் 5தான் x = 1 என்ற இடத்தில் x⁵-இன் வகைக்கெழு.