கடல் தாண்டிய காசு – 7
ரூபாயில் உழைப்பு, திர்ஹாமில் தவணை

சென்ற வாரம் தீவகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் காசைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதற்கு எதிர்த் திசையில் போகும் காசு. இங்கே ரூபாயில் உழைத்து, வெளிநாட்டில் வாங்கும் வீட்டுக்கு அந்த நாட்டுக் காசில் மாதாமாதம் தவணை கட்டுகிறவர்களின் கணக்கு இது.

இப்படிக் கட்டுகிறவர்கள் அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறார்கள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்து ஆட்கள் பழைய காலத்திலிருந்தே கடை வியாபாரிகள். கையில் மிஞ்சுகிற காசை நாட்டுக்கு வெளியே ஒரு கல்லாகவும் மண்ணாகவும் போட்டு வைக்க வேண்டும் என்ற எண்ணம், இத்தனை இடப்பெயர்வுகளைப் பார்த்தவர்களுக்கு வருவது இயல்பு. முதலில் நினைவுக்கு வருவது சென்னையும் திருச்சியும்தான். ஆனால் இந்தியச் சட்டப்படி இலங்கைக் குடிமகன் ஒருவர் அங்கே வீடு வாங்குவதற்கு இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்யக்கூடியது 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே. அதனால் பலரின் கண் டுபாய்க்குத் திரும்பியது. அங்கே வெளிநாட்டவர் வாங்கக்கூடிய பகுதிகள் உண்டு. கட்டி முடிக்காத வீட்டுக்கு மாதம் 1 வீதம் என்று தவணை பிரித்துத் தருகிற கட்டட நிறுவனங்களும் உண்டு.

ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கணவர் ஊர்காவற்றுறைக்காரர், யாழ்ப்பாண நகரத்தில் ஹாட்வெயார் கடை. மனைவி அரசாங்கப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. கணவரின் தாய் நயினாதீவில் இருக்கிறார், தம்பி ரொறன்ரோவில். கடை வருமானத்திலும் சம்பளத்திலும் செலவு போக மாதம் நாலரை இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. 2021 ஒக்ரோபரில் டுபாயில் 6 இலட்சம் திர்ஹாம் விலையுள்ள சின்ன வீடு ஒன்றை எழுதுகிறார்கள். 20 வீதம் முற்பணம், பிறகு மாதம் 6,000 திர்ஹாம்.

திர்ஹாம் 1997இலிருந்து டொலருக்கு 3.6725 என்று கட்டப்பட்ட நாணயம். டொலர் அசைந்தால் திர்ஹாமும் அதே அளவுக்கு அசையும். அந்த ஒக்ரோபரில் நம் மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்குள் இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கணக்கில் திர்ஹாம் ஒன்று 55 ரூபாய் சொச்சம், மாதத் தவணை சுமார் 3 இலட்சத்து 32 ஆயிரம் ரூபாய். மிச்சம் பிடிக்கிற நாலரை இலட்சத்துக்குள் வசதியாக அடங்குகிறது. எழுதும்போது யாரும் இதில் பிழை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் 203 என்பது வங்கிப் பலகையில் இருந்த விலை. அந்த விலைக்கு டொலர் வாங்கி டுபாய் வீட்டுக்கு அனுப்ப இவர்களுக்கு வழி இருக்கவில்லை. 2020 ஏப்ரலிலேயே அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு முதலீட்டுக்கான காசு நாட்டை விட்டுப் போவதை அரசாங்கம் தடுத்து ஒரு கட்டளை போட்டது. காலத்துக்குக் காலம் அதைப் புதுப்பித்தும் வந்தது. ஆகவே தவணை போனது உண்டியலில். இங்கே ரூபாயை எண்ணிக் கொடுக்க, அங்கே உண்டியல்காரரின் ஆள் திர்ஹாமைக் கட்டுவார். இது சட்டத்துக்கு வெளியே நடக்கிற வேலை என்பது ஒரு பக்கம். விலையும் வேறு என்பது மற்றப் பக்கம். 2022 தொடக்கத்தில் வங்கி 203 என்று சொல்லிக்கொண்டிருக்க, உண்டியலில் டொலர் 240ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. 245 என்று வைத்தால் தவணை 4 இலட்சம். பலகை விலை ஒரு சதமும் ஏறாத காலத்திலேயே இவர்களுக்கு மாதம் 68 ஆயிரம் கூடிவிட்டது. வரப்போகிறதை முன்கூட்டிச் சொன்ன அறிகுறி அதுதான். வங்கி விலையும் உண்டியல் விலையும் எப்போது விலகத் தொடங்குகிறதோ, அப்போதே தவணைக்காரர் விழித்துக்கொள்ள வேண்டும்.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாத நடுப்பகுதியில் டொலர் 360 அளவில் நின்றது. திர்ஹாம் 98 ரூபாய், தவணை 5 இலட்சத்து 88 ஆயிரம். மிச்சம் பிடிக்கிற காசைவிட 1 இலட்சத்து 38 ஆயிரம் அதிகம்.

இந்த இடத்தில் பலர் ஒன்றைச் சொல்வார்கள். ரூபாய் விழுந்தால் வீட்டின் ரூபாய்ப் பெறுமதியும் ஏறுகிறதே, பிறகென்ன நட்டம்? பேச்சுக்குச் சரி. ஏற்கெனவே கட்டிய திர்ஹாமின் பெறுமதி ரூபாயில் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெறுமதியை வைத்து இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது. தவணை கட்டுவது வருமானத்திலிருந்து. கேள்வியே, அந்த வருமானம் டொலரோடு சேர்ந்து ஏறுமா என்பதுதான்.

தீவகத்திலேயே மூன்று விதமான வருமானத்தைப் பார்க்கலாம். கடலட்டைப் பண்ணை வைத்திருப்பவரின் சரக்கு சீனச் சந்தைக்குப் போகிறது. டொலர் ஏறினால் அவர் கையில் விழும் ரூபாயும் ஏறும். அவருக்குத் திர்ஹாம் தவணை அவ்வளவு ஆபத்தில்லை. நண்டு பிடிக்கிறவரின் கதை பாதிதான் அப்படி. நண்டு விலை ஏறும், ஆனால் படகு ஓட மண்ணெண்ணெய் வேண்டுமே. 2022இல் மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு, ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. ஏற்றுமதி விலை உயர்ந்தும் கரையில் கட்டிக் கிடக்கிற படகுக்கு அதனால் பயனில்லை. மூன்றாவது, சம்பளக்காரர். அவருடைய வருமானம் டொலரைத் திரும்பியும் பார்க்காது. அதே நேரம் வீட்டுச் செலவு ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதாவது தவணை ஏறிய அதே மாதங்களில் மிச்சம் பிடிக்கும் காசும் சுருங்கியது.

நம் கடைக்காரர் எந்த ரகம்? பார்வைக்கு முதல் ரகம் போலத் தெரிவார். பெயின்ற், கம்பி, குழாய் எல்லாவற்றுக்கும் விலை இரண்டு மடங்கு, அன்றாட வியாபாரக் கணக்கும் பெருகுகிறது. ஆனால் விற்ற ஒரு வாளி பெயின்றின் இடத்தில் இன்னொரு வாளி வைக்க முந்திய விலையைப் போல இரண்டு பங்கு காசு வேண்டும். இலாபம் என்று தெரிவது இறாக்கைக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. அதற்கு மேல், காசு தட்டுப்பாடான காலத்தில் சனம் வீடு கட்டுவதை நிறுத்திவிட்டது. ஆகவே இவரும் மூன்றாவது ரகத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

இனி, கட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். முற்பணம் 20 வீதமும் ஏழு மாதத் தவணை 7 வீதமும் சேர்த்து 27 வீதம், அதாவது 1,62,000 திர்ஹாம் உள்ளே போயிருக்கிறது. டுபாய்ச் சட்டப்படி கட்டட நிறுவனம் முதலில் அங்குள்ள நிலத் திணைக்களத்துக்கு அறிவிக்கும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். முறித்தபின் நிறுவனம் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்பது கட்டடம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 60 வீதத்துக்குக் குறைவாக எழும்பியிருந்தால், வீட்டின் மொத்த விலையில் 25 வீதம் வரை. அதற்கு மேல் எழும்பியிருந்தால் 40 வீதம் வரை. கவனியுங்கள், கட்டிய காசில் அல்ல, மொத்த விலையில். ஆகவே நம் குடும்பம் கட்டிய 1,62,000இல் 1,50,000 போய், 12,000 திரும்பலாம். கட்டடம் 60 வீதத்தைத் தாண்டி எழும்பியிருந்தால் அதுவும் இல்லை. வேலை விரைவாக நடக்கிறது என்று சந்தோசப்பட்டது, விடுகிற நேரத்தில் எதிராக நிற்கும்.

ஆனால் விட்டுவிடுவதற்கும் கட்டி முடிப்பதற்கும் நடுவே ஒரு கதவு உண்டு. ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றி விற்பது. பல நிறுவனங்கள் இதற்கு 30 அல்லது 40 வீதம் கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. நம் குடும்பத்தின் ஒப்பந்தத்தில் அது 30 என்று வைப்போம். 27இல் நிற்கிறவர்களுக்கு இன்னும் மூன்று தவணை, 18,000 திர்ஹாம் போதும். மே மாத விலையில் அது சுமார் 17 இலட்சத்து 64 ஆயிரம் ரூபாய். பெரிய காசுதான். ஆனால் அதைக் கட்டாவிட்டால் போவது 1,50,000 திர்ஹாம். இந்த மூன்று தவணையை எங்கிருந்து எடுப்பது என்பதை ஒப்பந்தம் எழுதுகிற அன்றே யோசித்திருக்க வேண்டும். முற்பணத்துக்கென்று சேர்த்ததில் ஒரு பகுதியை ஒதுக்கி, இன்னும் சின்ன வீடாகப் பார்த்து எழுதியிருந்தால் கதவு திறந்திருக்கும்.

ரொறன்ரோத் தம்பி இருக்கிறாரே என்பீர்கள். உண்மையில் பெரும்பாலான குடும்பங்களைக் காப்பாற்றுவது அந்த ஏற்பாடுதான். தம்பி தாய்க்கு மாதாமாதம் அனுப்புகிறவர். ஒரு நாள் அழைப்பெடுத்துச் சொல்வார்: "அண்ணை, டுபாய்க் காசை நான் இங்கயிருந்து கட்டிவிடுறன். நீங்கள் அம்மாவுக்கு அந்தளவு ரூபாயைக் குடுங்கோ." பொருளாதார ரீதியில் இதைவிட நல்ல மருந்தில்லை. தவணையை ரூபாய் உழைக்கிறவர் தோளிலிருந்து டொலர் உழைக்கிறவர் தோளுக்கு மாற்றுகிறது. கனடிய டொலரும் அமெரிக்க டொலருக்கு எதிராக அசையும்தான், ஆனால் நம் ரூபாயைப் போல இரண்டு மாதத்தில் இப்படிச் சரிவதில்லை.

ஆனால் இதிலும் இரண்டு முடிச்சு. தாய்க்கு மாதம் போவது 1 இலட்சம் ரூபாய் என்றால், இடம் மாற்றக்கூடியதும் அவ்வளவுதான். மீதி 4 இலட்சத்து 88 ஆயிரம் தம்பி அண்ணனுக்குக் கொடுக்கிற கடன். எந்த நாணயத்தில் அந்தக் கடன், எந்த நாளின் விலையில் திருப்புவது என்று எழுதாவிட்டால், பிறகு ரூபாய் கொஞ்சம் தலைதூக்கும்போது சகோதரருக்குள் பிணக்கு வரும். உண்மையிலேயே அது தலைதூக்கியது. 2024 முடிவில் டொலர் 293 அளவுக்கு இறங்கி, தவணை 4 இலட்சத்து 80 ஆயிரத்துக்குள் வந்தது. மே மாத விலையிலா, இந்த விலையிலா திருப்புவது? இரண்டாவது முடிச்சு, பெயர். தவணையைத் தம்பி கட்டுகிறார், பதிவு அண்ணன் பெயரில். கட்டட நிறுவனம் மூன்றாம் ஆள் காசுக்கு விளக்கம் கேட்கும், வீட்டை விற்கும்போது தம்பிக்குக் கையில் ஒரு கடதாசியும் இருக்காது. தொடக்கத்திலேயே இருவர் பெயரிலும் பதிந்து, காசு தம்பியின் வங்கியிலிருந்து நேரே கட்டட நிறுவனத்தின் பொறுப்புக் கணக்குக்குப் போனால், உண்டியலும் தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை.

ஆகவே கையெழுத்து வைக்குமுன் ஒரு சோதனை. இன்றைய மாதத் தவணையை ரூபாயில் எழுதி 1.8ஆல் பெருக்குங்கள். 2022இல் மூன்று மாதத்துக்குள் நடந்தது ஏறக்குறைய அவ்வளவு. அந்தத் தொகையை இன்றைய மிச்சத்திலிருந்து அல்ல, கால்வாசி குறைத்த மிச்சத்திலிருந்து, மாற்றி விற்கக்கூடிய கட்டத்தை எட்டும்வரை கட்ட முடியுமா என்று பாருங்கள். நம் குடும்பத்தின் நாலரை இலட்சம் 3 இலட்சத்து 38 ஆயிரமாகச் சுருங்க, தவணை கிட்டத்தட்ட 6 இலட்சமாகிறது. அவர்கள் எழுதியிருக்க வேண்டியது 6,000 திர்ஹாம் தவணைக்கு அல்ல, 3,400 திர்ஹாமுக்கு உட்பட்ட ஒன்றுக்கு. அப்படியொரு வீடு டுபாயில் அகப்படாவிட்டால், இந்த வருமானத்துக்கு டுபாய் பொருந்தாது என்பதுதான் பதில்.

அடுத்த வாரம்: வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர், தீவகத்தில் தன் தகப்பனின் காணியை வாங்கவும் எழுதவும் போகும்போது.