இந்தத் தெரு எது? ஒரு பழைய படமும் அங்கத்தவர்களுக்கு ஒரு மடலும்

பழைய படமொன்றைப் போட்டு ‘இது எந்த இடம், யாருக்காவது தெரியுமா?’ என்று ஒரு வரியில் கேட்டால் என்ன நடக்கும் என்பது ஊர் வரலாற்றுச் சங்கங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்குள் ஐந்து தெருக்களின் பெயர் வரும். முதலில் சொன்னவர் வயதில் மூத்தவராக இருந்தால் மற்றவர்கள் ‘ஓம், அது தான்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வருடம் அதே பெயரோடு அந்தப் படம் ஒரு நினைவு மலரில் அச்சாகிவிடும். அதன் பிறகு அதைத் திருத்துவது லேசான வேலையல்ல.

கொழும்பில் தொழில் செய்த ஒரு குடும்பத்தின் அல்பத்திலிருந்து அண்மையில் எமது சங்கத்துக்கு ஒரு படம் வந்தது. ‘மூத்தவாப்பாவின் கடை, இரண்டாம் குறுக்குத் தெரு’ என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. 1915 கலவரத்தில் புறக்கோட்டையில் எமது சமூகத்தவரின் கடைகள் சூறையாடப்பட்டன. அதில் இந்தக் கடையின் கணக்கேடுகளும் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். மிச்சமிருப்பது இந்தப் படமும், பின்னாளைய ஒரு பில் தாளும் மாத்திரம். ஆகவே மடலைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டியிருந்தது. அனுப்பியது இது:

‘அன்பின் அங்கத்தவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இத்துடன் ஒரு தெருப் படத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் உள்ளன. கடினமான அட்டையில் ஒட்டிய படம். அட்டையின் கீழ் மூலையில் பிளாட்டே கம்பனியின் முத்திரை உண்டு. பின்பக்கத்தில் எழுத்து எதுவுமில்லை. வலப்புறப் பெயர்ப்பலகையையும் இடப்புற மூலைக் கடையின் மேல்மாடியையும் பெரிதாக்கித் தனியாக வைத்திருக்கிறோம். எமது கேள்வி ஒன்றுதான்: இடப்புற மூலைக் கட்டடம் எந்த இரு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது? பதிலோடு, படத்தில் எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பதில்களைச் சங்கச் செயலாளருக்குத் தனியாக அனுப்புங்கள்.’

குடும்பத்தார் சொன்ன தெருவின் பெயரை மடலில் வேண்டுமென்றே விட்டோம். பெயரைச் சொன்னால் பார்ப்பவரின் கண் அந்தத் தெருவையே தேடும். பதில்களைத் தனியாகக் கேட்டதும் அதனால்தான். ஒருவரையொருவர் பார்க்காமல் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அதற்குப் பெறுமதி உண்டு. ஒருவர் சொன்னதை முப்பது பேர் ஆமோதித்தால் அது ஒரே சாட்சிதான்.

படத்தை வட்ஸ்அப்பில் அப்படியே தள்ளிவிடுவதும் சரிவராது. அது படத்தைச் சுருக்கிவிடும். பெயர்ப்பலகையின் எழுத்து கரைந்துபோகும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினோம். வயதானவர்களுக்கு அதைத் தாளில் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். போன் திரையில் பார்த்துவிட்டு ‘விளங்கல்ல மகன்’ என்று சொன்ன ஒரு ஹாஜியார், தாளைக் கையில் கொடுத்ததும் அரை மணித்தியாலம் பேசினார்.

படம் என்ன சொல்லியது? நடுத்தெருவில் தண்டவாளம், மேலே கம்பி. கொழும்பில் மின்சார ட்றாம் ஓடத் தொடங்கியது 1899இல், நின்றது 1960இல். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் போன பாதை புறக்கோட்டைப் பிரதான வீதி வழியாகச் சென்றது. பொரளைப் பாதை மருதானைப் பக்கம் போனது. ஒடுங்கிய குறுக்குத் தெருக்களுக்குள் ட்றாம் நுழையவில்லை. ஆகவே குடும்பத்தார் சொன்ன இரண்டாம் குறுக்குத் தெரு இது அல்ல. ஆனால் தண்டவாளம் ஒரு தெருவைத் தள்ளிவிட்டதே தவிர, இது பிரதான வீதி என்று நிறுவவில்லை. அதை நிறுவியது வலப்புறப் பெயர்ப்பலகை. அதிலிருந்த நிறுவனத்தின் பெயரை ஓர் அங்கத்தவர் பழைய பெர்குசன் டிரக்டரியில் தேடி, பிரதான வீதி முகவரியோடு கண்டெடுத்தார். பலகையின் எழுத்து நேராக வாசிக்கக்கூடியதாக இருந்ததால் இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலம் மாறிவிடும். எழுத்தில்லாத படங்களில் ஆண்களின் சட்டை மடிப்பைப் பார்க்க வேண்டும்: இடப்பக்கம் மேலே வருவதுதான் வழக்கம்.

அடுத்தது கமெரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. பிரதான வீதி ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. படத்தில் நிழல்கள் நீளமாக, கமெராவிலிருந்து அப்பால் விழுகின்றன. காலையென்றால் கமெரா மேற்கே பார்க்கிறது, மாலையென்றால் கிழக்கே. ஒருவர் கடையின் பலகைக் கதவைக் கையில் வைத்திருக்கிறார். திறக்கிறாரா, பூட்டுகிறாரா? இதற்குப் பதில் ஹாஜியாரிடமிருந்து வந்தது: ‘கட பூட்டுற நேரம் மெயின் ஸ்ட்ரீட் இப்பிடி வெறிச்சோடி ஈக்காது மகன். நாட்டாமிமாரையும் காணல்ல, வண்டிலையும் காணல்ல. இது காலத்தால.’ எங்களில் யாருக்கும் தோன்றாத விளக்கம் அது. (நண்பகல் நிழலை வைத்துத் திசை சொல்ல வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். ஐரோப்பியக் கைநூல்களின் ‘சூரியன் தெற்கே’ என்ற விதி இங்கு வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் பிழைக்கும்.)

கமெரா மேற்கே பார்க்கிறதென்றால் வீதியின் கோடியில் கான் மணிக்கூட்டுக் கோபுரம் தெரிய வேண்டும். அது 1923இல் கட்டப்பட்டது. படத்தில் வீதியின் கோடி துலக்கமாகத் தெரிகிறது, கோபுரம் இல்லை. எனவே படம் 1899க்கும் 1923க்கும் இடைப்பட்டது. சிலர் சிவப்புப் பள்ளியை, அதாவது சம்மாங்கோட்டார் பள்ளியை, காணவில்லை என்பதால் 1909க்கு முந்தியது என்று எழுதியிருந்தார்கள். அது நிற்காது. பள்ளி இரண்டாம் குறுக்குத் தெருவில் பிரதான வீதிக்கு வடக்கே இருக்கிறது. இந்தக் கோணத்தில் வலப்புறக் கட்டடங்கள் அதை மறைத்துவிடும். தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால்தான் ‘இல்லை’ என்பது சாட்சியாகும். துருக்கித் தொப்பியை வைத்துக் காலம் சொன்னவர்களும் இருந்தார்கள். பல தசாப்தங்கள் அணிந்த தொப்பி அந்த வேலைக்கு உதவாது.

அப்படியானால் குடும்பத்தாரின் பேச்சு பொய்யா? ஹாஜியார் மேல்மாடியைக் காட்டிச் சொன்னார்: ‘மூலக் கடைக்கி ரெண்டு வாசல். ஒண்டு மெயின் ஸ்ட்ரீட்டுக்கு, மத்தது ரெண்டாம் குறுக்குத் தெருவுக்கு. சாமான் எறக்குறது குறுக்குத் தெருவால தான்.’ வேறு இருவர் தனித்தனியாக அனுப்பிய பதில்களும் அதே சந்தியைத்தான் குறித்தன. குடும்பத்தாரின் பில் தாளிலும் குறுக்குத் தெரு முகவரியே இருக்கிறது. ஆகவே பேச்சும் சரி, படமும் சரி. கடை ஒன்று, தெரு இரண்டு.

ஆனால் ஹாஜியார் அந்தக் கட்டடத்தைக் கண்டது 1950களில். அவர் கண்டதும் படத்திலிருப்பதும் ஒரே கட்டடமா, அல்லது 1915இல் சேதமாகித் திருப்பிக் கட்டியதா? மேல்மாடியில் ஐந்து சன்னல்கள், நடுச் சன்னலுக்கு மேல் அரைவட்ட வேலைப்பாடு. இரண்டாவது மடல் இதைப் பற்றித்தான் போகிறது: பிரதான வீதியும் இரண்டாம் குறுக்குத் தெருவும் சந்திக்கும் தென்பக்க மூலை தெரியும் படம், எந்த வருடத்ததாக இருந்தாலும், யார் வீட்டிலாவது இருக்கிறதா? கல்யாண ஊர்வலம், கடைத் திறப்பு, மழை வெள்ளம், எதுவானாலும் சரி. பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.