அறைக்கு வரும் காலை உணவு

நட்சத்திர ஓட்டலில் அறைக்கு உணவு அனுப்பும் பிரிவை ‘ரூம் சர்வீஸ்’ என்கிறார்கள். அதன் வேலை சமையலறையில் தொடங்குவதில்லை, தொலைபேசியில் தொடங்குகிறது. உணவகத்தில் ஒரு கரண்டி விட்டுப்போனால் வெயிட்டர் நான்கு எட்டில் எடுத்துவந்துவிடுவார். அறைக்குப் போன டிரேயில் கரண்டி இல்லையென்றால் ஆறு மாடி இறங்கி ஏற வேண்டும், அதற்குள் ஆம்லெட் ஆறிவிடும். இந்தத் தூரத்தை நினைவில் வைத்துத்தான் இந்தப் பிரிவின் ஒவ்வொரு வழக்கமும் அமைந்திருக்கிறது.

சென்னை ஓட்டல் ஒன்றில் காலை 7.40-க்கு 612-ஆம் அறையிலிருந்து அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது பல ஓட்டல்களில் விதி. எடுப்பவரின் பதவிப் பெயர் ஆர்டர் டேக்கர். அவருடைய கருவியில் அறை எண்ணும் விருந்தினர் பெயரும் தெரியும். ஆனாலும் எண்ணை அவர் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வார். பக்கத்து அறை நண்பர் வந்து பேசியிருக்கலாம், லாபியிலிருந்தும் பேசியிருக்கலாம்.

“ஒரு மசால் தோசை, ஒரு ஆம்லெட், டோஸ்ட், ஒரு காபி, ஒரு டீ” என்கிறார் விருந்தினர். இதை அப்படியே எழுதிக்கொண்டால் பாதி ஆர்டர்தான் கைக்கு வந்திருக்கிறது. ஆம்லெட்டில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வேண்டுமா? டோஸ்ட் வெள்ளை ரொட்டியிலா, கோதுமை ரொட்டியிலா? சர்க்கரை கலந்தா, தனியாகவா? எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? ஆகாத பொருள் ஏதும் உண்டா? எத்தனை பேர் என்ற கேள்வி சாதாரணமாகத் தோன்றும். எத்தனை தட்டு, கரண்டி, கைத்துண்டு, கோப்பை வைப்பது என்பது அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

நல்ல ஆர்டர் டேக்கர் தோசையைப் பற்றி ஒரு உண்மையையும் சொல்லிவிடுவார்: “சார், தோசை மூடி வரும், மேலே வரும்போது மொறுமொறுப்பு குறைஞ்சிருக்கும். இட்லி வேணும்னா சூடா, பதமா வரும்.” கல்லிலிருந்து எடுத்த தோசையை உலோக மூடியால் மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடுகிறது. எந்தச் சமையல்காரரின் கைத்திறனும் இதை மாற்றாது. விருந்தினர் இட்லிக்கு மாறிக்கொள்கிறார். கடைசியில் ஆர்டரை முழுதாகத் திருப்பிப் படித்துக் காட்டி, “அரை மணி நேரத்தில் வந்துவிடும்” என்று நேரம் சொல்லி அழைப்பை முடிக்கிறார். இருபது நிமிடத்தில் முடியும் என்று தெரிந்தாலும் அரை மணி என்றே சொல்வது நல்லது. சொன்ன நேரத்துக்குமேல் ஐந்து நிமிடம் போனால் விருந்தினர் மறுபடி தொலைபேசியை எடுப்பார்.

ஆர்டர் கணினியில் ஏறியதும் கே.ஓ.டி. எனப்படும் சமையலறைச் சீட்டு அச்சாகிறது. அறை எண், உணவு, சிறப்புக் குறிப்பு, நேரம் எல்லாம் அதில் இருக்கும். சமையலறைக்கு ஒன்று, டிரே அடுக்கும் வெயிட்டருக்கு ஒன்று. சமையல் நடக்கும்போதே வெயிட்டர் டிரேயைத் தயார் செய்கிறார். முதலில் வழுக்காத விரிப்பு, பிறகு கரண்டி, முள்கரண்டி, கைத்துண்டு, உப்பு, மிளகுத்தூள், வெண்ணெய், ஜாம், சர்க்கரை. கனமான பாத்திரங்கள் தூக்குபவரின் உடம்புப் பக்கமாக இருக்கும். கெண்டியின் மூக்கு டிரேயின் உட்பக்கம் பார்க்கும், தளும்பினாலும் சட்டையில் கொட்டாது.

சூடான பொருள்களைச் சேர்ப்பதில் வரிசை உண்டு. இட்லி ஆவியில் காத்திருக்கும், சாம்பாரும் தாங்கும். ஆம்லெட்டும் டோஸ்டும் தாங்காது, ஆகவே அவை கடைசியில். காபிக்கு டிகாக்‌ஷனையும் சூடான பாலையும் தனித்தனிக் கெண்டிகளில் ஊற்றி அனுப்பினால் விருந்தினர் தம் விருப்பப்படி கலந்துகொள்வார். புறப்படுமுன் சீட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு டிரேயில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். இந்தப் பிரிவில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதியை இந்த அரை நிமிடம் தடுத்துவிடுகிறது.

டிரே 7.58-க்குக் கிளம்புகிறது. இனி எல்லாம் சர்வீஸ் லிப்டின் கையில். காலை எட்டு மணிக்கு அதே லிப்டில் ஹவுஸ்கீப்பிங் வண்டியும் சலவைத் துணி மூட்டையும் ஏறுகின்றன. அதனால்தான் ஆர்டர் எடுத்த நேரம், டிரே கிளம்பிய நேரம், அறையில் வைத்த நேரம் மூன்றையும் பதிவேட்டில் குறிக்கிறார்கள். உணவு ஆறிவிட்டது என்று புகார் வந்தால் முதல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டிருந்தால் தாமதம் சமையலறையில். பின் இரண்டுக்கும் நடுவே நீண்டிருந்தால் லிப்டில். நேரத்தைக் குறிக்காத ஓட்டலில் வெயிட்டர் சமையல்காரரைக் குறை சொல்வார், சமையல்காரர் வெயிட்டரைக் குறை சொல்வார், மறுநாளும் உணவு ஆறிப்போய்த்தான் போகும்.

ஆறாம் மாடியில் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சீட்டையும் கதவு எண்ணையும் ஒப்பிட்ட பிறகுதான் தட்டுகிறார். “ரூம் சர்வீஸ்” என்று குரல் கொடுத்துக் காத்திருப்பார். தன்னிடம் சாவி இருந்தாலும் திறக்க மாட்டார். ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டை தொங்கினால், ஆர்டர் கொடுத்த அறையாகவே இருந்தாலும், தட்டாமல் கீழிருந்து தொலைபேசியில் கேட்கச் சொல்வார். உள்ளே போனதும் பெயர் சொல்லி வணங்கி, எங்கே வைக்கட்டும் என்று கேட்கிறார். மூடியைத் திறந்து என்னென்ன வந்திருக்கிறது என்று சொல்கிறார். பெரிய ஆர்டராக இருந்தால் டிரேக்குப் பதில் சக்கர மேசையும் அதன் அடியில் சூடு காக்கும் பெட்டியும் போகும். பெட்டியில் எரிபொருள் எரிந்தால், பரிமாறியதும் பெட்டியை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். படுக்கையும் திரைச்சீலையும் உள்ள அறையில் நெருப்பை விட்டுவரக் கூடாது.

பில்லில் விருந்தினர் கையெழுத்திட்டால் தொகை அறைக் கணக்கில் சேரும். முன்பணம் கட்டாதவர் என்று கணினி காட்டியிருந்தால் பணமாகவோ கார்டிலோ அங்கேயே வாங்க வேண்டும். அதை வெயிட்டர் கதவருகே நின்று கண்டுபிடிப்பது இருவருக்கும் சங்கடம். அழைப்பின்போதே பணிவாகச் சொல்லிவிடுவது முறை. கிளம்பும்போது, “டிரேயை எப்போ எடுத்துக்கலாம் சார்?” என்று கேட்டுவிட்டு வருகிறார்.

இந்தக் கேள்வியோடு பலர் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். டிரே திரும்பி வருவதுதான் இந்தப் பிரிவில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பாதி. விருந்தினர் சாப்பிட்ட தட்டைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டால் எறும்பும் கரப்பானும் வரும், சாம்பார் வாடை மாடி முழுதும் பரவும், அவசரத்தில் ஓடுபவர் இடறி விழுவார். அதனால் பதிவேட்டில் நான்காவதாக ஒரு கட்டம் உண்டு: எடுத்த நேரம். அது ஒரு மணி நேரமாகியும் காலியாக இருந்தால் ஆர்டர் டேக்கர் அறைக்குப் பேசுகிறார். ஹவுஸ்கீப்பிங் ஊழியர் கண்ணில் டிரே பட்டால் அவரும் அறை எண்ணைச் சொல்லி அழைப்பார்.

612-இலிருந்து 9.05-க்கு டிரே வருகிறது. பாத்திரம் கழுவும் இடத்தில் இறக்குமுன் சீட்டோடு ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். ஒரு தேக்கரண்டி குறைகிறது. விருந்தினரைக் கேட்பதில்லை, அறை சுத்தம் செய்பவரிடம் சொல்லி வைக்கிறார்கள். பதினொரு மணிக்கு அது படுக்கையருகே தண்ணீர்க் குவளையில் கிடைத்துக் கீழே வருகிறது. பதிவேட்டில் 612-க்கான வரியை அப்போதுதான் அடிக்கிறார்கள்.